செக்கிங் டேபிள் போனில் வரி மாறி விழும் தட்டல்: பட்டன் அளவா, இடைவெளியா?

நொய்யல்கரை

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் பக்கத்துக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். போன வருசம் வரைக்கும் நோட்டில் கோடு போட்டுத்தான் எண்ணினோம். இப்போது டேபிளுக்கு ஒரு போன். அதில் பிரவுசரில் ஒரு பக்கம் திறந்திருக்கும். ஏழு வகைக் குறை: ஹோல், ஆயில், ஸ்கிப் ஸ்டிச், ஓப்பன் சீம், ஷேட், அளவு, பிரிண்ட். ஒவ்வொரு வரியிலும் இடது ஓரம் குறையின் பெயர், வலது ஓரம் ஒரு மைனஸ், நடுவில் எண், அப்புறம் ஒரு பிளஸ். குறையுள்ள பீஸ் ஒன்று வந்தால் அந்த வரியின் பிளஸ்ஸைத் தட்ட வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால் வரி மாறி விழுகிறது. ஹோலைத் தட்டினால் ஆயிலில் ஏறுகிறது. ஆயில் பட்ட பீஸ் ஸ்பாட் வாஷுக்குப் போகும், ஹோல் விழுந்தது மெண்டிங்குக்கோ ரிஜெக்டுக்கோ போகும். ரிப்போர்ட்டில் மாறி வந்தால் நிட்டிங்கில் குறை இருப்பது தெரியாமல் தையல்காரரைப் பிடித்துச் சத்தம் போடுகிறார்கள். டேபிளில் இருக்கும் அக்காக்கள் கவனமாக இல்லை என்று மேனேஜர் சொல்கிறார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், கவனமாகத்தான் தட்டுகிறார்கள். வலது கையில் நூல் வெட்டும் கட்டர் இருக்கும், டேபிளில் கிடக்கும் போனை இடது கை ஆள்காட்டி விரலால் தட்டுகிறார்கள், கண் பாதி நேரம் துணியில்தான்.

இந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை. அதன் புரோகிராம் கோடு எங்களிடம் இருக்கிறது. திறந்து பார்த்ததில் பிளஸ் பட்டன் 28க்கு 28, வரிக்கு வரி இடைவெளி 4 என்று போட்டிருக்கிறது. இதை எவ்வளவு ஆக்கினால் சரியாகும்?

அவினாசி ரோடு

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 28 என்பது குறைவு, 48 போடுங்கள். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்லும் அளவு அது. ஆப்பிள் 44 என்கிறது. 48க்கு மாற்றிவிட்டால் தப்புத் தட்டல் நின்றுவிடும்.

டச்_டிஸ்ப்ளே_கடை

அண்ணா, டெம்பர் கிளாஸ் என்ன ஒட்டியிருக்கிறீர்கள்? நம்ம கடைக்கு இப்படி நிறைய வரும். ஓரத்தில் பசை ஒட்டியிருக்கும் மலிவுக் கிளாஸ் என்றால் நடுவில் காற்று நிற்கும், ஒரு இடத்தில் தொட்டால் வேறு இடத்தில் எடுக்கும், அல்லது எடுக்கவே எடுக்காது. கழட்டிவிட்டுப் பாருங்கள். சார்ஜர் மாட்டிக்கொண்டே தட்டினாலும் சில மலிவுச் சார்ஜரில் டச் தானாக ஓடும்.

நொய்யல்கரை

கிளாஸ் எதிலும் ஒட்டவே இல்லைங்க, பாதி டேபிளில் போன் புதுசு. ஆனால் சார்ஜர் விஷயம் நல்ல குறிப்பு, பார்க்கிறேன். எல்லா டேபிளிலும் ஒரே மாதிரி நடப்பதால் போன் கோளாறாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கவுசிகா

நொய்யல்கரை தம்பி, இரண்டு கேள்வி. ஒன்று, தப்பு விழும்போது மேல் வரியில் விழுகிறதா, கீழ் வரியிலா? இரண்டு, ஒரு ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைத்து, ஒரு பிளஸ்ஸின் நடுவிலிருந்து அடுத்த பிளஸ்ஸின் நடு வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சொல்ல முடியுமா? கோடில் இருக்கும் எண் வேண்டாம், கண்ணாடிமேல் இருக்கும் அளவுதான் வேண்டும்.

நொய்யல்கரை

அளந்தேன் அக்கா. 6.5 அங்குல போனில் 6 மி.மீ. வருகிறது. தப்பு பெரும்பாலும் கீழ் வரியில்தான். சில சமயம் மேல் வரியிலும் விழுகிறது, அது ஏன் என்று புரியவில்லை.

கவுசிகா

நினைத்தது போலத்தான் இருக்கிறது. அவினாசி ரோடு சொன்ன 48 தப்பில்லை, ஆனால் அந்த எண் மட்டும் போதாது.

விரல் நுனி கண்ணாடியில் அழுந்தும்போது ஒரு புள்ளியாக அழுந்துவதில்லை, ஒரு நீள்வட்டத் திட்டாகப் படிகிறது. போன் அந்தத் திட்டின் நடுப்பகுதியை ஒரு புள்ளியாகக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்கிறது. நாம் குறி வைப்பதோ நகத்தின் முனையை வைத்து. விரல் சாய்ந்து இறங்குவதால் திட்டின் நடு நாம் நினைத்த இடத்துக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கைப் பக்கமாக வந்துவிடும். அதனால்தான் ஹோல் ஆயிலாகிறது. விரல் சாய்வு ஆளுக்கு ஆள் மாறும், உட்கார்ந்து தட்டுவதற்கும் நின்று தட்டுவதற்கும் மாறும். வரிக்கு வரி 6 மி.மீ. என்றால், நடுவைக் குறி வைத்தவர் 3 மி.மீ.க்குச் சற்று மேல் தாண்டினாலே பக்கத்து வரியின் எல்லைக்குள் போய்விட்டார்.

2006இல் பார்ஹி, கார்ல்சன், பெடர்சன் என்ற மூவர் ஒற்றைக் கையில் கட்டைவிரலால் தட்டுவதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு தடவை தட்டும் வேலைக்கு 9.2 மி.மீ., தொடர்ந்து தட்டிக்கொண்டே இருக்கும் வேலைக்கு 9.6 மி.மீ. இருந்தால் நல்லது என்றார்கள். உங்கள் டேபிளில் ஆள்காட்டி விரல்தான், அது கட்டைவிரலைவிடக் கொஞ்சம் துல்லியம். ஆனால் கண் துணியில் இருக்கிறதே, அந்தச் சலுகை அங்கேயே போய்விடுகிறது.

அவினாசி ரோடு

அக்கா, நான் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அளந்து பார்த்தேன். 48 போட்ட என் பட்டன் 96 பிக்சல் வருகிறது. அப்படியானால் பாதியாக 24 போட்டாலே 48 பிக்சல் கிடைத்துவிடுமே? இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2இலும் 24தான் கேட்கிறார்கள்.

கவுசிகா

ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது திரையின் நிஜப் புள்ளிகள். கோடில் எழுதுவது அதுவல்ல. இப்போது நிறைய மலிவு போன்கள் 6.5 அங்குலம், 720க்கு 1600 புள்ளி. அதில் கோடில் ஒன்று என்று எழுதினால் திரையில் இரண்டு புள்ளி, அதனால்தான் திரை அகலம் கோடுக்கு 360 என்று தெரிகிறது. அங்கே 48 என்றால் 96 புள்ளி, கண்ணாடிமேல் ஏறக்குறைய 9 மி.மீ. அதே 48 ஒரு பழைய 5 அங்குல 720க்கு 1280 போனில் 8.3 மி.மீ.தான் வரும். எண் ஒன்றுதான், கண்ணாடிதான் வேறு. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே சைஸைச் சின்னதாக வைத்திருந்தால் இன்னும் சுருங்கும். ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னது இதற்குத்தான்.

டபிள்யூசிஏஜியின் 24 பற்றிச் சொன்னீர்களே, அது 2023 அக்டோபரில் வந்த பதிப்பில் இரட்டை ஏ நிலைக்கான குறைந்தபட்சம். இதற்குக் கீழே போகாதே என்று போட்ட கோடு அது. அதையும்விடச் சின்னப் பட்டனுக்கும் ஒரு விலக்கு உண்டு: பட்டனின் நடுவில் 24 விட்டத்தில் ஒரு வட்டம் போட்டால் அது பக்கத்துப் பட்டனையோ அதன் வட்டத்தையோ தொடக்கூடாது. அதாவது அவர்களே அளவையும் இடைவெளியையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். நம்ம தம்பியின் 28 பட்டன் அந்தச் சோதனையில் பாஸாகிவிடும். டேபிளில் பெயில் ஆகிறது.

மஞ்சமண்டி

நானும் ஈரோட்டில் மஞ்சள் எடை போடும் இடத்தில் இதே மாதிரி ஒரு பக்கம் செய்து வைத்திருக்கிறேன். மூட்டை எண், எடை, விரலி, கிழங்கு என்று நான்கைந்து பட்டன். 56 என்று பெரிதாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஸ்கேல் வைத்தால் 4 மி.மீ.கூட வரவில்லையே? கவுசிகா அக்கா கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

கவுசிகா

உங்கள் பக்கத்தின் தலைப்பகுதியில் இந்த வரி இருக்கிறதா பாருங்கள்:

```html
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

இல்லையென்றால் போன் அதைக் கம்ப்யூட்டருக்கான பக்கம் என்று எடுத்துக்கொண்டு 980 அகலத்தில் வரைந்து, 360க்குள் சுருக்கிக் காட்டும். 56 ஏறக்குறைய 20 ஆகிவிடும். நீங்கள் அளந்த 4 மி.மீ. அதற்குச் சரியாக ஒத்துவருகிறது.

மஞ்சமண்டி

இல்லைங்க அக்கா, அந்த வரியே இல்லை. போட்டதும் பட்டன் பூதாகரமாக வந்துவிட்டது. எடைக்காரர் கண்ணாடி போடாமலே பார்க்கிறார். நன்றிங்க. விரலில் மஞ்சள் தூள் அப்பியிருந்தால் டச் எடுக்க மாட்டேன் என்கிறது, அதற்கு என்ன வழி என்று தனியாகக் கேட்கிறேன்.

சென்னிமலைத் தறி

தப்பாக நினைக்காதீர்கள். ஏழு டேலி கவுண்டர் வாங்கி ஒரு பலகையில் அடித்து வைத்தால் முடிந்தது. பஸ்ஸில் ஆள் எண்ணுகிறார்களே அந்தப் பொத்தான். அழுத்தினால் விரலுக்குத் தெரியும், சத்தம் வரும், கண் வேண்டாம். எங்கள் பக்கம் தறியில் பிக் எண்ணும் கவுண்டர் காலம் காலமாக இருக்கிறது, எந்த வரியும் மாறியதில்லை.

நொய்யல்கரை

யோசித்தோம் அண்ணா. ஆனால் பண்டில் எண்ணோடு சேர்த்து மணிக்கொரு தடவை ஆபீசுக்குக் கணக்குப் போக வேண்டும். கவுண்டரைப் பார்த்து ஒருவர் எழுதினால் மறுபடி நோட்டுக்கே போகிறோம்.

அக்கா, சரி, அப்படியென்றால் பிளஸ்ஸை 48 ஆக்கிவிட்டு இடைவெளி 4 அப்படியே இருக்கலாமா?

கவுசிகா

அளவும் இடைவெளியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பட்டன் பெரிதாக இருந்தால் விரல் தப்புவது குறையும். அப்படியும் சில தப்பும். தப்பியது எங்கே போய் விழுகிறது என்பதை இடைவெளிதான் தீர்மானிக்கிறது. இடைவெளி இல்லாவிட்டால் பக்கத்துக் குறையில் ஏறும். இருந்தால் சும்மா கிடக்கும் இடத்தில் விழுந்து ஒன்றும் ஆகாது. இடைவெளி என்று நான் சொல்வது தட்டினால் எதுவும் நடக்காத இடம், அதாவது மார்ஜின். பேடிங் போட்டால் பட்டன்தான் பெரிதாகும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. மைனஸ் எதற்கு ஏழு வரியிலும்? ஒரு நாளில் அதை எத்தனை தடவை தொடுகிறார்கள்? பிளஸ்ஸுக்குப் பக்கத்திலேயே அதற்கு நேர்எதிர் வேலை செய்யும் பட்டனை வைத்திருப்பது எனக்கு முதலிலேயே உறுத்தியது. அந்த ஏழையும் எடுத்துவிட்டு, கீழே "கடைசியை நீக்கு" என்று ஒன்றே ஒன்று போடுங்கள். வரியில் பெயரும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். அப்போது தனியாகப் பிளஸ்ஸே வேண்டாம், முழு வரியும் ஒரே பட்டன். இரண்டு ஓரத்திலும் 16 விட்டால் அகலம் 328. பக்கவாட்டில் தப்பவே இடமில்லை, மேல்கீழ் மட்டும் பார்த்தால் போதும்.

```css
.kurai {
  display: block;
  width: 100%;
  min-height: 56px;
  margin-bottom: 8px;
  touch-action: manipulation;
}
```

`height` போடாமல் `min-height` போடுங்கள். யாராவது எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தால் "ஓப்பன் சீம்" இரண்டு வரியாக மடியும், உயரம் அதற்கேற்ப வளரட்டும். கடைசி வரி, ஒரே இடத்தை அடுத்தடுத்துத் தட்டும்போது அதை ஜூம் என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளாமல் இருக்க.

56உம் 8உம் சேர்ந்து 64, ஏழு வரிக்கு 448. உங்கள் 6.5 அங்குல போனில் மேலே பிரவுசர் பட்டை, கீழே நேவிகேஷன் எல்லாம் போக 670 போல மிஞ்சும். பண்டில் எண்ணுக்கும் நீக்கு பட்டனுக்கும் தாராளமாக இடமிருக்கிறது. நடுவிலிருந்து நடு 12 மி.மீ. வரும், இப்போதிருப்பதன் இரண்டு மடங்கு.

அவினாசி ரோடு

இதில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. 8ஐ வீணாக விடுவதைவிட 64 முழுவதையும் பட்டனாக்கினால் என்ன? நடுவிலிருந்து நடு அதே 12 மி.மீ.தானே? இடைவெளியில் விழுந்தால் எண்ணவே எண்ணாது. அக்காக்கள் திரையைப் பார்ப்பதில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். குறையுள்ள பீஸ் கணக்கில் ஏறாமலே போய்விடும். வரி மாறுவதைவிட அது மோசம் இல்லையா?

கவுசிகா

நல்ல கேள்வி. பொதுவாக இதற்கு ஒரே பதில் கிடையாது, வேலையைப் பொறுத்தது. தம்பி, ஒரு பண்டில் முடிந்ததும் என்ன செய்கிறீர்கள்?

நொய்யல்கரை

ஒரு பண்டிலில் இத்தனை பீஸ் என்று டிக்கெட்டில் இருக்கும். நல்லது ஒரு பக்கம், குறையுள்ளது ஒரு பக்கம் அடுக்குவார்கள். கடைசியில் குறை அடுக்கை எண்ணி, போனில் காட்டும் மொத்தக் குறையோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் அடுத்த பண்டில். ஒரு பீஸுக்கு ஒரு தட்டுத்தான், இரண்டு குறை இருந்தாலும் பெரிய குறைதான் கணக்கு.

கவுசிகா

அப்படியென்றால் உங்களுக்கு இடைவெளி வேண்டும். தட்டு வெற்றிடத்தில் விழுந்தால் மொத்தத்தில் ஒன்று குறையும், அடுக்கை எண்ணும்போது மாட்டிக்கொள்ளும். வரி மாறினால் மொத்தம் சரியாகவே இருக்கும், யாருக்கும் தெரியாது. நீங்கள் இத்தனை நாள் கண்டுபிடிக்க முடியாமல் இருந்ததும் அதனால்தான். ஒத்துப்பார்க்கிற வழக்கமே இல்லாத இடமாக இருந்தால் அவினாசி ரோடு சொன்ன பக்கம்தான் நானும் சாய்ந்திருப்பேன்.

அவினாசி ரோடு

நொய்யல்கரையின் இடத்துக்குச் சரி. ஆனால் அடுக்கில் ஒன்று கூடுதல் என்று தெரிந்த பிறகு அது எந்தக் குறை என்று எப்படிச் சொல்வார்கள்? ஒவ்வொரு பீஸாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர் அதைச் செய்வாரா, இல்லை ஏதோ ஒன்றில் ஏற்றிவிட்டுப் போவாரா?

கவுசிகா

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏதோ ஒன்றில் ஏற்றிவிட்டுப் போவார் என்றுதான் தோன்றுகிறது. குறை இருக்கும் இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்றால் தேடுவது சுலபம்.

தம்பி, மாற்றுவதற்கு முன்னால் பழைய பக்கத்திலேயே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். விரல் எங்கே விழுகிறது என்று பதிவு செய்துகொள்ளுங்கள். பட்டனில் மட்டும் வைத்தால் வெற்றிடத்தில் விழுந்தது தெரியாது, அதனால் முழுப் பக்கத்துக்கும் வையுங்கள்.

```js
const pathivu = [];
document.addEventListener('pointerdown', e => {
  pathivu.push([e.clientX, e.clientY, e.target.id, Date.now()]);
});
```

திரையை உருட்டுவதற்காக விரல் வைத்ததும் இதில் சேரும். அதற்குப் பின்னாலேயே `pointercancel` வரும், அப்படி வந்ததைக் கழித்துவிடுங்கள். ஒரு வரியில் பிளஸ், உடனே அதே வரியில் மைனஸ், அப்புறம் பக்கத்து வரியில் பிளஸ் என்று வந்தால் முதல் தட்டு தப்பு. கவனித்துத் திருத்தியது மட்டும்தான் இப்படிக் கிடைக்கும், கவனிக்காமல் போனது கிடைக்காது. ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

நொய்யல்கரை

பதிவை எடுத்துப் பார்த்தேன் அக்கா. இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கிறது. பெரிய கூட்டம் நீங்கள் சொன்னபடியே: கீழ் வரி பட்டனின் மேல் விளிம்பில் விழுந்திருக்கிறது. இன்னொரு சின்னக் கூட்டம் மேல் வரியில் விழுந்தவை. அவை விளிம்பில் இல்லை, பட்டனின் நட்டநடுவில் இருக்கின்றன. நடுவில் எப்படித் தப்பும்?

கவுசிகா

நடுவில் விழுந்தது என்றால் விரல் தப்பவில்லை, பட்டன்தான் நகர்ந்திருக்கிறது. தட்டப் போகும் நேரத்தில் மேலே ஏதாவது புதிதாக வந்து பட்டியலைக் கீழே தள்ளுகிறதா?

நொய்யல்கரை

ஆமாங்க! வைஃபை போனால் மேலே "இணைப்பு இல்லை" என்று ஒரு சிவப்புப் பட்டை வரும், திரும்பக் கிடைத்தால் மறையும். அதன் உயரம் 32. கடைசி டேபிள்களில் சிக்னல் சரியாக இருக்காது, அந்தக் கூட்டம் முழுவதும் அந்த டேபிள்களிலிருந்து வந்தவைதான்.

கவுசிகா

28 பட்டனும் 4 இடைவெளியும் சேர்ந்து 32. பட்டை வந்தால் பட்டியல் சரியாக ஒரு வரி கீழே இறங்கும், பழைய இடத்தில் தட்டியவருக்கு மேல் வரி கிடைக்கும். நடுவில் தட்டினால் நடுவிலேயே. இதற்குப் பட்டனை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. பட்டை வருகிற இடத்தை எப்போதும் காலியாக ஒதுக்கி வையுங்கள், அல்லது பண்டில் எண் இருக்கும் கட்டத்தின் நிறத்தைச் சிவப்பாக மாற்றிவிடுங்கள். பட்டியல் ஒரு புள்ளிகூட நகரக்கூடாது.

டச்_டிஸ்ப்ளே_கடை

அப்ப போன் மேல தப்பில்லையா. சரி சரி. ஆனாலும் சொல்கிறேன், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் `Pointer location` என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் விரல் படும் இடமெல்லாம் கோடு வரும். நாங்கள் டிஸ்ப்ளே மாற்றினால் அதில்தான் செக் பண்ணுவோம். புரோகிராம் எதுவும் எழுத வேண்டாம்.

கவுசிகா

அது நல்ல வழிதான், பக்கத்தில் நின்று பார்க்கும்போது மிகவும் உதவும். கூடவே `Show layout bounds` என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஆப்களுக்குத்தான், பிரவுசருக்குள் இருக்கும் பட்டன்களின் எல்லையைக் காட்டாது.

நொய்யல்கரை

புதிய பக்கத்தைப் பாதி டேபிள்களில் போட்டிருக்கிறேன். கீழ் வரியில் விழுவது நன்றாகக் குறைந்துவிட்டது. பட்டைக்கு இடம் ஒதுக்கியதும் மேல் வரிக் கூட்டம் காணாமலே போய்விட்டது. ஏழு மைனஸ்களையும் எடுத்ததில் மட்டும் ஒரு முணுமுணுப்பு: இரண்டு மூன்று பீஸுக்கு முன்னால் போட்டதைத் திருத்த வேண்டுமென்றால், நடுவில் இருப்பதையெல்லாம் நீக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டியிருக்கிறது.

கவுசிகா

அதற்கு வரியை அழுத்திப் பிடித்தால் ஒன்று குறையும்படி வைக்கலாம். ஆனால் பதிவில் எவ்வளவு நேரம் விரல் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நிதானமாகத் தட்டுகிறவர் தெரியாமலே குறைத்துவிடக் கூடாது. நான் என்றால், "கடைசியை நீக்கு" பக்கத்திலேயே கடைசி மூன்று தட்டல்களின் பெயரைக் காட்டி, தொட்டால் அது மட்டும் போகும்படி செய்வேன். அந்த மூன்றும் சின்னப் பட்டன்களாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அவினாசி ரோடு

தட்டு விழுந்ததா என்று தெரிய வைப்ரேஷன் போடலாமே. `navigator.vibrate(30)` ஒரே வரி.

நொய்யல்கரை

போட்டுப் பார்த்தேங்க. போன் டேபிளில் கிடக்கிறது, விரலை எடுத்த பிறகுதான் அதிர்கிறது, விரலுக்குத் தெரியவில்லை. ஓவர்லாக் சத்தத்தில் பீப்பும் கேட்காது. இப்போதைக்கு வரி முழுக்க ஒரு கணம் பச்சையாக மின்னும்படி வைத்திருக்கிறேன், ஓரக்கண்ணில் தெரிகிறது என்கிறார்கள்.

இன்னொரு சிக்கல். மீதிப் பாதி டேபிள்களில் பழைய 5 அங்குல போன்கள். அதில் "பிரிண்ட்" வரியும் நீக்கு பட்டனும் திரைக்குக் கீழே போய்விடுகின்றன. உருட்டினால்தான் தெரியும்.

கவுசிகா

உருட்டும் பட்டியல் இந்த வேலைக்கு ஆகாது. பட்டன் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே பழகியிருக்க வேண்டும், நகர்ந்தால் மறுபடி பழைய கதைதான். அந்த போனில் எல்லாம் போக 510 போலத்தான் மிஞ்சும். வரியை 48 ஆக்கி இடைவெளி 8ஐ அப்படியே வைத்தால் ஏழுக்கும் 392. பண்டில் எண்ணையும் நீக்கு பட்டனையும் நெருக்கி வைத்தால் அடங்கும். உயரம் 8.3 மி.மீ., நடுவிலிருந்து நடு 9.7. இடைவெளியைத் தொடாதீர்கள், உயரத்தில் வெட்டுங்கள்.

மஞ்சமண்டி

பக்கத்தை ஹோம் ஸ்கிரீனில் ஆப் மாதிரி வைத்துவிட்டால் பிரவுசரின் மேல்பட்டை போய்விடுமே. மேனிஃபெஸ்டில் `"display": "standalone"` என்று போட வேண்டும். எனக்கு அப்படி 56 மிச்சமானது.

சென்னிமலைத் தறி

இரண்டு இரண்டாக அடுக்கினால் என்ன? ஏழு இருந்தால் நான்கு வரிசைதானே ஆகும்.

கவுசிகா

செய்யலாம் அண்ணா. ஒவ்வொன்றும் 160 அகலம், அந்த போனில் 27 மி.மீ.க்கு மேல், உயரத்தை 80 வரைக்கும் கொடுக்கலாம். மேல்கீழ் தப்புவது நிறையக் குறையும். ஆனால் இதுவரை பக்கவாட்டில் பக்கத்துப் பட்டனே இல்லை, இப்போது வந்துவிடும். இடது கையால் தட்டும்போது வலது நெடுவரிசைக்குக் கை குறுக்கே போக வேண்டும். எது நல்லது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஒரு டேபிளில் வைத்துப் பதிவைப் பார்த்தால்தான் தெரியும். எப்படி அடுக்கினாலும் ஹோலும் ஆயிலும் பக்கம் பக்கமாக வரவேண்டாம். மாறினால் அதிகச் சேதம் அந்த இரண்டில்தான், நடுவில் அளவையோ ஷேடையோ வையுங்கள்.

நொய்யல்கரை

வரிசையை மாற்றினால் புதுப் பக்கத்துக்குப் பழகின அக்காக்கள் அடிக்க வருவார்கள். ஹோல் முதலில், ஆயில் அடுத்து என்பது நோட்டுக் காலத்திலிருந்து வருவது. பழைய போன் டேபிள்கள் இன்னும் மாறாததால் அங்கே முதலில் செய்து பார்க்கிறேன். ஒரு டேபிளில் 48 வரி, ஒன்றில் இரண்டு நெடுவரிசை. நீக்கு பட்டனை இரண்டு நெடுவரிசையில் எட்டாவது கட்டமாக வைக்கலாமா?

அவினாசி ரோடு

வேண்டவே வேண்டாம். மற்ற ஏழும் ஏற்றும், அது மட்டும் இறக்கும். கீழே தனியாக, 24 இடைவெளி விட்டு வையுங்கள். இதில் அக்காவும் என்னோடு ஒத்துப்போவார் என்று நினைக்கிறேன்.

கவுசிகா

ஒத்துப்போகிறேன். திரையின் அடி விளிம்பில் ஒட்டவும் வைக்காதீர்கள், ஜெஸ்சர் நேவிகேஷன் போட்ட போன் என்றால் அங்கே விரல் சறுக்கினால் பக்கமே மூடிவிடும். எட்டாவது கட்டம் காலியாகவே இருக்கட்டும். வாரக் கடைசியில் இரண்டு டேபிளின் பதிவையும் போடுங்கள், வெற்றிடத்தில் விழுந்ததையும் சேர்த்து.